50 வீதத்திலிருந்து 65 வீதம்: பயிற்சி பலன் தந்ததா என்பதை யாரை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

பயிற்சி அறிக்கைகளில் அடிக்கடி வரும் வசனம் ஒன்று உண்டு. "பயிற்சிக்கு முன் 50 வீதமானோர் சரியாகச் செய்தனர், பயிற்சிக்குப் பின் 65 வீதமானோர்." கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதே தரவைக் கணக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் "இது தற்செயலாகவும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது" என்பார். மற்றவர் "மாற்றம் உண்மைதான்" என்பார். இரண்டு பேரும் கூட்டல் கழித்தலில் பிழை விடவில்லை. ஒருவர் சோதனையைத் தவறாகத் தேர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும் தரவில், ஒரே ஆளை முன்னும் பின்னும் அளந்திருந்தால், கணக்கு வேறு பாதையில் போக வேண்டும். அந்தப் பாதையைத் திருகோணமலை மாவட்டத்துக்குப் பொருந்தும் உதாரணம் ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

## உதாரணம்: வளவில் நுளம்புக் குடம்பி தேடும் தொண்டர்கள்

2017இல் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவான ஆண்டில், கிண்ணியா பட்ட பாட்டை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆகவே கிண்ணியாவில் 80 தொண்டர்களுக்கு, வீட்டு வளவில் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, எந்த நிகழ்ச்சியின் முடிவும் அல்ல.

பரீட்சை இப்படி. ஒரு வளவில் தண்ணீர் தேங்கிய 10 இடங்கள் தயார் செய்து வைக்கப்படுகின்றன: சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் நீர்த்தட்டு, மூடாத கிணறு என்று. ஒருவர் 20 நிமிடத்துக்குள் எட்டு இடங்களையாவது கண்டுபிடித்தால் "ஆம்", இல்லாவிட்டால் "இல்லை". பயிற்சிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. நகர்த்தக்கூடிய பொருட்கள் இரண்டாம் தடவை இடம் மாற்றி வைக்கப்படும்.

முடிவு: முன் 40 பேர் "ஆம்", பின் 52 பேர் "ஆம்". அதாவது 50 வீதம் 65 வீதமானது.

## 160 விடைகள், ஆனால் 80 ஆட்கள்

முதல் கணக்காளர் செய்தது இது. 80 பேரில் 40, 80 பேரில் 52 என்று இரண்டு தனிக் கூட்டங்களாக எடுத்து, இரண்டு கூட்டங்களின் பங்குகளை ஒப்பிடும் வழமையான கைவர்க்கச் சோதனையைப் போட்டார். பெறுமானம் 3.68 வந்தது. அதன் பி-பெறுமானம் சுமார் 0.055. வழக்கமான எல்லையான 0.05ஐ அது தாண்டிவிட்டது, எனவே "உறுதியில்லை" என்றார்.

பி-பெறுமானம் என்றால் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பயிற்சிக்குப் பின் உண்மையில் எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வெறும் தற்செயலாக வருவதற்கான நிகழ்தகவு. அது சிறிதாகச் சிறிதாகத் தற்செயல் என்ற விளக்கம் பலவீனமாகும்.

அவர் விட்ட பிழை எங்கே? அந்தச் சோதனை, முதல் 80 பேரும் இரண்டாவது 80 பேரும் ஒருவரையொருவர் சாராத வேறு ஆட்கள் என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே அவர்கள் அதே ஆட்கள். முன்பே கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவர் பின்னரும் பெரும்பாலும் அப்படியே இருப்பார். அந்தத் தொடர்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வரும் விடை நம்முடைய தரவுக்கு உரியது அல்ல.

## நான்கு பெட்டிகள்

சரியான வேலை, ஒவ்வொரு ஆளின் முன் விடையையும் பின் விடையையும் ஒரு சோடியாகப் பிடிப்பதில் தொடங்குகிறது. 80 ஆட்கள், 80 சோடிகள். ஒவ்வொரு சோடியும் நான்கில் ஒரு பெட்டியில் விழும்.

| | பின்: ஆம் | பின்: இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| முன்: ஆம் | 34 | 6 | 40 |
| முன்: இல்லை | 18 | 22 | 40 |
| மொத்தம் | 52 | 28 | 80 |

1. 34 பேர் முன்னும் பின்னும் சரியாகச் செய்தவர்கள்.
2. 22 பேர் இரண்டு தடவையும் செய்யாதவர்கள்.
3. 18 பேர் முன் செய்யாமல், பின் செய்தவர்கள்.
4. 6 பேர் முன் செய்து, பின் தவறவிட்டவர்கள்.

முதல் இரண்டும் மாறாத சோடிகள். மற்ற இரண்டும் மாறிய சோடிகள். நாலாவது பெட்டியைப் பார்த்துப் பலர் திடுக்கிடுவார்கள். பயிற்சி எடுத்துக் குறைந்து போவார்களா? போவார்கள். எட்டு இடம் என்ற எல்லைக்கு அருகில் இருக்கும் ஒருவர் ஒரு நாள் எட்டைக் கண்டுபிடிப்பார், இன்னொரு நாள் ஏழோடு நின்றுவிடுவார். அந்தத் தடுமாற்றம் இரண்டு பக்கமும் நடக்கும், மூன்றாவது பெட்டியிலும் அது கலந்துதான் இருக்கும். நாலாவது பெட்டியின் உதவி இல்லாமல் மூன்றாவதில் எவ்வளவு பயிற்சி, எவ்வளவு தடுமாற்றம் என்று பிரித்தறிய வழியே இல்லை.

## மாறாத 56 பேரை ஏன் விட்டுவிடுகிறோம்?

80 பேரைச் சோதித்துவிட்டு 56 பேரைக் கணக்கிலிருந்து எடுப்பது அநியாயம் போலத் தோன்றும். ஆனால் நாம் கேட்கும் கேள்வியைப் பாருங்கள்: "ஆம்" சொன்னவர்களின் பங்கு மாறியதா?

முன் "ஆம்" என்பது 34 + 6. பின் "ஆம்" என்பது 34 + 18. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 34 அடிபட்டுப் போகும், மிச்சம் 18 − 6. அந்த 34 பேரும் 340 பேராக இருந்தாலும் இந்த 12 மாறாது. "இல்லை" பக்கம் இருக்கும் 22 பேரும் அப்படித்தான். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த 24 பேரிடம்தான் இருக்கிறது.

அப்புறம் கேள்வி சுருங்கிவிடுகிறது. பயிற்சி எதையும் மாற்றவில்லை என்றால், மாறிய ஒருவர் மேலே போயிருப்பாரா கீழே போயிருப்பாரா என்பது நாணயம் சுண்டுவது போல, பாதிக்குப் பாதி. 24 பேர் மாறினால் 12 மேலே, 12 கீழே என்ற அளவை எதிர்பார்ப்போம். நமக்கு வந்தது 18க்கு 6. 24 தடவை நாணயம் சுண்டி, ஒரு பக்கம் ஆறு தடவை அல்லது அதற்கும் குறைவாக விழுவது எவ்வளவு அரிது?

இதுதான் மக்நெமார் சோதனையின் உயிர்நாடி. அமெரிக்க உளவியலாளர் குவின் மக்நெமார் இதை 1947இல் வெளியிட்டார். அவர் தந்த சுருக்க வழி இது: மேலே போனவர்கள் b, கீழே போனவர்கள் c என்றால்,

```
(b - c)² / (b + c) = (18 - 6)² / (18 + 6) = 144 / 24 = 6.0
```

இந்த 6.0ஐக் கைவர்க்க அட்டவணையில் சுயாதீனப் பாகை 1க்குப் பார்த்தால் பி-பெறுமானம் சுமார் 0.014. ஆனால் இது அண்ணளவான வழி. கணினி இல்லாத காலத்தில் அது பெரும் உதவி. இன்று நாணயக் கணக்கை நேராகவே போட்டுவிடலாம். விரிதாளில் ஒரே வரி:

```
=2*BINOM.DIST(6,24,0.5,TRUE)
```

விடை 0.0227. சிறிய பக்கத்து எண்ணான 6ஐயும், மாறியோர் மொத்தமான 24ஐயும் மட்டும் கொடுக்கிறோம். 2ஆல் பெருக்குவது, பயிற்சி கெடுத்தும் இருக்கலாம் என்ற மறுபக்கத்தையும் சேர்ப்பதற்காக. மாறியோர் 25க்குக் குறைவாக இருந்தால் இந்த நேர்க் கணக்கைத்தான் பாவிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். கூடுதலாக இருந்தாலும் இதையே போடுவதில் எந்த நட்டமும் இல்லை.

ஆக, அதே 50, அதே 65. முதல் கணக்காளரின் விடை 0.055, இரண்டாமவரின் விடை 0.023.

## அந்த 0.055க்குள் ஒளிந்திருந்த ஊகம்

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வழமையான சோதனை "இரண்டு கூட்டமும் தொடர்பில்லாதவை" என்று எடுத்துக்கொண்டது என்றோம். அதை நமது நான்கு பெட்டிகளில் எழுதினால் என்ன வரும்?

ஒருவரின் முன் விடைக்கும் பின் விடைக்கும் தொடர்பே இல்லை என்றால், முன் "இல்லை" சொன்ன 40 பேரில் 65 வீதம், அதாவது 26 பேர், பின் "ஆம்" சொல்லியிருப்பார்கள். முன் "ஆம்" சொன்ன 40 பேரில் 35 வீதம், அதாவது 14 பேர், "இல்லை"க்குப் போயிருப்பார்கள். மாறியோர் மொத்தம் 40. மக்நெமார் சூத்திரத்தில் போட்டால் 144 / 40 = 3.6. முதல் கணக்காளரின் 3.68க்கு அருகில் வந்துவிட்டது!

அதாவது வழமையான சோதனையைப் போடுபவர், தனக்கே தெரியாமல், 40 பேர் மாறியதாக வைத்துக் கணக்குப் பார்க்கிறார். உண்மையில் மாறியவர்கள் 24 பேர்தான். 12 பேர் அளவு முன்னேற்றம் 40 பேரின் தடுமாற்றத்துக்கு நடுவில் வந்தால் அது கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அதே 12, 24 பேரின் தடுமாற்றத்துக்கு நடுவில் வந்தால் தெளிவாகத் தெரியும்.

## ஒரே வீதம், மூன்று ஊர்கள்

இதே பயிற்சி மூன்று ஊர்களில் நடந்து, மூன்றிலும் 80 பேரில் 40 பேர் 52 ஆனதாக எடுத்துக்கொள்வோம். அறிக்கையில் மூன்று ஊருக்கும் ஒரே வரிதான் வரும்: 50 வீதம், பின்னர் 65 வீதம். உள்ளே பார்த்தால்:

| | மேலே போனோர் | கீழே போனோர் | பி-பெறுமானம் |
|---|---|---|---|
| முதலாம் ஊர் | 12 | 0 | 0.0005 |
| இரண்டாம் ஊர் | 18 | 6 | 0.023 |
| மூன்றாம் ஊர் | 30 | 18 | சுமார் 0.11 |

முதலாம் ஊரில் பன்னிரண்டு பேர் முன்னேறினார்கள், ஒருவரும் சறுக்கவில்லை. மூன்றாம் ஊரில் 48 பேர் அங்கும் இங்குமாக மாறியிருக்கிறார்கள். அது தொடர்பே இல்லாவிட்டால் வரும் 40ஐயும் விட அதிகம். அங்கே வழமையான சோதனை தந்த 0.055 உண்மையை விட நம்பிக்கையான விடையாக இருக்கும். ஆகவே "வழமையான சோதனை எப்போதும் கடுமையானது, அதைப் போட்டால் பாதுகாப்பு" என்று சொல்வதும் சரியல்ல. எந்தப் பக்கம் பிழைக்கும் என்பது சோடிகளைப் பார்க்காமல் தெரியாது.

வெறும் வீதங்களை மட்டும் அச்சிட்ட அறிக்கையிலிருந்து இந்த மூன்று ஊர்களில் நாம் எதில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே அறிக்கை கேட்பவர்கள் நான்கு பெட்டி எண்களையும் கேட்டு வாங்க வேண்டும். நாலு எண்தானே, அரை வரி இடம்கூட எடுக்காது.

## மாறாதவர்கள் திரும்ப வரும் இடம்

மாற்றம் உண்டா என்ற கேள்விக்கு 56 பேர் தேவைப்படவில்லை. மாற்றம் எவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு அவர்கள் கட்டாயம் தேவை. 18க்கு 6 என்பது 80 பேருக்குள் வந்தால் 12 / 80, அதாவது 15 வீதப் புள்ளிகள். அதே 18க்கு 6, 8000 பேருக்குள் வந்தால் பி-பெறுமானம் அச்சொட்டாக அதே 0.023 தான். ஆனால் முன்னேற்றம் 0.15 வீதப் புள்ளி. அதற்காக யாரும் மண்டபம் எடுத்துப் பயிற்சி நடத்த மாட்டார்கள்.

எனவே பி-பெறுமானத்தோடு வித்தியாசத்தையும், உண்மையான வித்தியாசம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 வீத நம்பிக்கை ஆயிடையையும் எழுத வேண்டும். நமது உதாரணத்தில், n என்பது மொத்த ஆட்கள், SE என்பது வித்தியாசத்தின் நியம வழு:

```
SE = sqrt((b + c) - (b - c)²/n) / n
   = sqrt(24 - 144/80) / 80 = 0.059
0.15 ± 1.96 × 0.059  →  0.035 … 0.265
```

பயிற்சிக்குப் பின் வந்த உயர்வு 3.5 வீதப் புள்ளியாகவும் இருக்கலாம், 26.5 ஆகவும் இருக்கலாம். ஆயிடை அகலமானது. மாற்றம் இருக்கிறது என்று சொல்லலாம், அதன் பருமனைப் பற்றி அடித்துச் சொல்ல 80 பேர் போதாது.

## எங்கே பிழைக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

1. தவறான அட்டவணை. மென்பொருளில் முன் / பின் ஒரு பக்கமும் ஆம் / இல்லை மறுபக்கமுமாக 40, 40, 52, 28 என்று கொடுத்துவிடுவார்கள். மென்பொருள் மறுக்காது, 40ஐயும் 52ஐயும் மாறியோர் என்று நினைத்து ஏதோ ஒரு விடையைத் தரும். கண்டுபிடிப்பது மிக லேசு: நான்கு எண்களையும் கூட்டுங்கள். 80 வந்தால் சரி, 160 வந்தால் அட்டவணையே பிழை.

2. ஆள் மாறிப் பொருந்துவது. முன் தாளும் பின் தாளும் ஒரே ஆளுடையது என்பதில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. ஒரே ஊரில் ஒரே முதலெழுத்தோடு மூன்று பாத்திமாக்கள் இருப்பது நமக்குப் புதிதல்ல. பெயரை மட்டும் வைத்துத் தாள்களைச் சேர்த்தால் சிலரின் முன் விடை வேறொருவரின் பின் விடையோடு சேர்ந்துவிடும். அப்படிக் கலையும்போது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தொடர்பு அறுந்து, மாறியோர் தொகை மேலே கணக்கிட்ட 40 என்ற எண்ணை நோக்கி ஏறும். ஆகவே உங்கள் தரவில் மாறியோர் தொகை அந்தத் தொடர்பற்ற எண்ணுக்கு மிக அருகில் இருந்தால், பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் தாள்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். முதல் நாளே ஒவ்வொருவருக்கும் ஒரு தொடரிலக்கம் கொடுத்து, இரண்டு தாளிலும் அதை எழுதுவித்தால் இந்தத் தொல்லையே வராது.

3. மாறியோர் மிகக் குறைவு. மாறியவர்கள் ஐந்து பேர், ஐந்து பேருமே மேலே போனார்கள் என்றாலும் பி-பெறுமானம் 2/32 = 0.0625. என்ன செய்தாலும் 0.05க்குக் கீழே வராது. ஆறு பேரும் ஒரே பக்கம் போனால்தான் 0.031 வரும். ஆகவே 200 பேரைச் சோதித்து நாலு பேர் மட்டும் மாறியிருந்தால், "பயிற்சியால் பலன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று எழுதக்கூடாது. அந்தத் தரவால் எதையும் சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மை.

4. தோற்றவர்களை மட்டும் அழைப்பது. முன் பரீட்சையில் "இல்லை" எடுத்த 40 பேருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, அவர்களை மட்டும் திரும்பச் சோதித்தால், கீழே போவதற்கு ஆளே இல்லை. c எப்போதும் 0. தற்செயலாக எட்டைத் தொட்டவர்களும் முன்னேறியவர்களாகவே எண்ணப்படுவார்கள். இந்தத் தரவுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. செலவு கூடினாலும் 80 பேரையும் இரண்டாம் தடவை சோதிக்க வேண்டும்.

5. மாற்றம் வேறு, காரணம் வேறு. சோதனை சொல்வது, முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் பங்கு மாறியது என்பதை மட்டும். ஏன் மாறியது என்பதை அது சொல்லாது. திருகோணமலையில் மழைக்காலம் ஒக்டோபரில் தொடங்கும். செப்டெம்பரில் முன் பரீட்சை, டிசம்பரில் பின் பரீட்சை என்றால், இடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து போயிருப்பார், பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் அறிவித்தல் நடந்திருக்கும். பயிற்சியே எடுக்காதவரும் அந்த மூன்று மாதத்தில் கொஞ்சம் தேறியிருப்பார். இதைப் பிரிக்க வேண்டுமென்றால் பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் அதே இரண்டு நாட்களில் சோதிக்க வேண்டும்.

6. ஒன்றாகப் பயின்றவர்கள். நாணயக் கணக்கு, ஒருவரின் மாற்றம் மற்றவரின் மாற்றத்தைச் சாராது என்று எடுத்துக்கொள்கிறது. 80 பேரும் நாலு ஊரிலிருந்து இருபது இருபதாக வந்து, ஊருக்கு ஒரு பயிற்றுநரிடம் படித்திருந்தால் அது முழுவதும் சரியல்ல. 18 பேரில் 14 பேர் ஒரே பயிற்றுநரின் வகுப்பில் இருந்தால், நமக்குக் கிடைத்தது பதினெட்டுச் சாட்சிகள் அல்ல, ஏறக்குறைய ஒன்றிரண்டு சாட்சிகள். மாறியோரை ஊர்வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்தால் இது உடனே கண்ணில் படும்.

## அந்த ஆறு பேரின் தாள்கள்

கணக்கு முடிந்ததும் பலர் தாள்களைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். என் பார்வையில், முதலில் திறக்க வேண்டியது கீழே போன ஆறு பேரின் தாள்களை. ஒவ்வொரு தாளிலும் பத்து இடங்களில் எதைக் கண்டார், எதை விட்டார் என்ற குறிப்பு இருக்கும். ஆறு பேரும் ஆளுக்காள் வெவ்வேறு இடங்களை விட்டிருந்தால் அது எல்லைக்கு அருகில் வரும் சாதாரணத் தடுமாற்றம். ஆறில் ஐந்து பேர் முன் பரீட்சையில் கிணற்றையும் கூரைப் பீலியையும் குறித்துவிட்டு, பின் பரீட்சையில் அந்த இரண்டையுமே விட்டிருந்தால் அது வேறு கதை. பயிற்சியில் சிரட்டை, டயர், யோகட் கோப்பை என்று சிறிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் காட்டியிருப்பார்கள். கேட்டவர்கள் குனிந்து தேடக் கற்றுக்கொண்டு, நிமிர்ந்து பீலியைப் பார்ப்பதையும் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதையும் விட்டிருப்பார்கள். அப்படியென்றால் அதே இரண்டு இடங்களை மேலே போன 18 பேரின் தாள்களிலும் தேட வேண்டும். அவர்களும் எட்டைத் தொட்டுவிட்டு அந்த இரண்டையும் விட்டிருந்தால், அடுத்த வகுப்புக்கு ஏணியும் கிணற்றடியும் தேவை.